ஓடுபவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் பரிசு: சாக்ஸ் முதல் டயர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் ஓடுகிறவருக்கோ வாரந்தோறும் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவருக்கோ பரிசு வாங்குவது கடினம். தனக்குப் பிடித்ததை அவர் முன்பே ஆராய்ந்து வாங்கியிருப்பார். நாம் ஆசையாக வாங்கித் தரும் பொருள் ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருக்கும், அல்லது அவர் அளவுக்கும் வண்டிக்கும் பொருந்தாமல் அலமாரிக்குள் போய்விடும். கடையில் 'ரன்னர்களுக்கான பரிசு' என்று கட்டி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

ஆனால் இதே ஆட்களிடம் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. பெரிய பொருளுக்குத் தயங்காமல் செலவழிப்பார்கள். தேய்ந்துபோகும் சின்னப் பொருள்களை மாற்றாமல் தள்ளிப்போடுவார்கள். எண்பதாயிரம் ரூபாய் சைக்கிளில் நூல் தெரியும் டயரோடு மாமல்லபுரம் வரை போய்வருகிறவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் நிறையப் பார்க்கிறேன். புதிய கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, கிழிந்த சாக்ஸோடு பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவர்களும் உண்டு. பரிசு கொடுப்பவருக்கு வாய்ப்பு இருப்பது இந்த இடத்தில்தான். அவரிடம் எது தேய்ந்திருக்கிறது, எதை அவர் ஒத்திப்போட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் ஐந்நூறு ரூபாய்க்கும் நல்ல பரிசு கொடுக்கலாம், ஐயாயிரத்துக்கும் கொடுக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்கான வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் ஐந்து புகைப்படங்கள்

பரிசு வாங்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. ஷூ ரேக்கிலும் சைக்கிள் நிற்கும் இடத்திலும் தொடங்குகிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரும் படங்களை எடுங்கள். பத்து நிமிட வேலை.

முதல் படம், ஷூவின் நாக்குப் பகுதியின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சிறிய துணிச்சீட்டு. அதில் அளவு நான்கு விதமாக இருக்கும்: பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா, சென்டிமீட்டர். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது சென்டிமீட்டர் எண்ணைத்தான். ஒரு நிறுவனத்தின் பிரிட்டன் 8 அமெரிக்க 9 ஆக இருக்கும். இன்னொன்றில் 8½ ஆக இருக்கும். '9 சைஸ்' என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் எந்த ஒன்பது என்று அவருக்கும் தெரியாது. கூடவே ஷூவின் பக்கவாட்டில் உள்ள மாடல் பெயரையும், அதன் பின்னால் வரும் பதிப்பு எண்ணையும் படமெடுங்கள்.

இரண்டாவது, அதே ஷூவின் அடிப்பக்கம். கறுப்பு ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் வெளிர் நுரை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் நுரை அமுங்கிவிட்டது என்று பொருள். ஓட்டத்துக்கான ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, சைக்கிள் டயரின் பக்கச்சுவர். அங்கே 700×25 என்பது போன்ற ஒரு அளவும், பக்கத்திலோ அடியிலோ 25-622 என்பது போன்ற இன்னொன்றும் அச்சாகியிருக்கும். இரண்டாவதுதான் குழப்பமில்லாதது. முதல் எண் டயரின் அகலம், அடுத்த எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். ரோடு பைக்குகளில் இந்த விட்டம் வழக்கமாக 622. பழைய 26 அங்குல மலைப்பாதைச் சைக்கிளில் 559 இருக்கும். டயர் வாங்கும்போது இந்த எண் பொருந்தியே ஆக வேண்டும்.

நான்காவது, காற்றடிக்கும் வால்வு. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடிமனாக இருந்தால் அது ஸ்ரேடர் வால்வு. மெலிந்து, நுனியில் சிறிய திருகோடு நீண்டிருந்தால் பிரெஸ்டா. அதோடு, ரிம் எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஆழமான ரிம்முக்குக் குட்டை வால்வு டியூப் வாங்கிவிட்டால் வால்வு வெளியே எட்டிப்பார்க்காது, பம்பை மாட்ட முடியாது.

ஐந்தாவது படத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். அவர் பொருள்களைப் போட்டுவைக்கும் கூடை, பை அல்லது இழுப்பறை. அங்கே என்ன பம்ப் இருக்கிறது, எத்தனை டியூப் இருக்கிறது, விளக்கின் ரப்பர் பட்டை அறுந்திருக்கிறதா, எந்தக் கைக்கடிகாரம், என்ன மாடல் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எது இல்லை என்பதும் இந்தப் படத்தில்தான் தெரியும்.

படி 2: வாங்கக் கூடாதவற்றை முதலில் நீக்குங்கள்

சைக்கிள் இருக்கை வாங்காதீர்கள். உட்காரும்போது உடலைத் தாங்கும் இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. மெத்தை அதிகமாக இருந்தால் சுகமாக இருக்கும் என்று வெளியிலிருந்து தோன்றும். நீண்ட தூரம் ஓட்டும்போது அந்த மெத்தையே அழுத்தி மரத்துப்போகச் செய்யும்.

பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவும் வேண்டாம். ஷூவின் அடியில் மாட்டும் கிளீட்டும் பெடலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்திலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வகைகள் உள்ளன.

நீங்களே தேர்ந்தெடுத்த புதிய மாடல் ஓட்ட ஷூவையும் தவிர்க்கச் சொல்வேன். விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு மாறினாலே கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் வலிக்கத் தொடங்கும். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூக்கள் இன்னும் கவனமாக விலக்க வேண்டியவை.

டி-ஷர்ட் பற்றி ஒரு வரி. நகரத்தில் நடக்கும் ஒவ்வொரு ஓட்டப் போட்டியிலும் ஒரு டி-ஷர்ட் தருகிறார்கள். அவருடைய அலமாரியில் அதற்கு இடமே இருக்காது.

படி 3: சில நூறு ரூபாயில், சென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும்

சென்னையில் ஓடுகிறவரின் முதல் எதிரி தூரம் இல்லை, ஈரம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிந்து, காலில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் ஷூவுக்குள் சேர்ந்துவிடுகிறது. நனைந்த துணி தோலில் உரசுகிறது. தொடையிடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக்காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டையின் ஓரம் ஆகிய இடங்களில் தோல் உரிந்து, குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் எரியும். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல மாட்டார்கள். துவைக்கப் போட்ட வெள்ளை டி-ஷர்ட்டின் மார்புப் பகுதியில் இரண்டு சிறிய ரத்தக்கறைகள் இருந்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு உரசலைத் தடுக்கும் களிம்பு, குச்சி வடிவில் கிடைக்கிறது. டியோடரண்ட் போலத் திருகித் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லியும் வேலை செய்யும், ஆனால் துணியில் பிசுபிசுப்பாக ஒட்டும், கையும் வழுக்கும். களிம்போடு தோலில் ஒட்டும் மருத்துவ டேப் ஒரு சுருள் வைத்துக் கொடுங்கள். நெடுந்தூரம் ஓடுகிறவர் இந்தப் பரிசை வாங்கியதும் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது சாக்ஸ். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி மடிந்து, அந்த மடிப்பு தேய்த்துக் கொப்புளம் வரும். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்த, ஓட்டத்துக்கென்று செய்த சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். விரல் முனையில் தையல் தடிப்பாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். கடையிலேயே உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அவர் இப்போது அணியும் சாக்ஸின் தடிமனையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் தடித்த சாக்ஸ் போட்டால் பொருந்திய ஷூ இறுகிவிடும். விரல்களுக்கு நடுவில் கொப்புளம் வருகிறவராக இருந்தால், ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள சாக்ஸ் கிடைக்கிறது. பார்க்க விநோதமாக இருந்தாலும் நன்றாக வேலை செய்கிறது.

சைக்கிள்காரருக்கு இதே விலையில் கொடுக்கத் தக்கது இரண்டு டியூப்பும், டயரை ரிம்மிலிருந்து நெம்பும் மூன்று பிளாஸ்டிக் நெம்புகோல்களும். வால்வின் நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ரிம்மின் ஆழத்தோடு 15 முதல் 20 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் ரிம்முக்கு 48 மில்லிமீட்டர் வால்வு போதும். 50 மில்லிமீட்டர் ரிம்முக்கு 80 வேண்டும். டியூப் அட்டைப்பெட்டியில் டயர் அகலமும் ஒரு வரம்பாக அச்சாகியிருக்கும், உதாரணமாக 18 முதல் 25 வரை. அவருடைய டயர் 28 என்றால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

படி 4: இருட்டுக்கு ஒரு விளக்கு

மே, ஜூன் மாதங்களில் சென்னையில் ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. ஜனவரி இறுதியில் ஆறரை ஆகிறது. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் நான்கரை, ஐந்து மணிக்கே கிளம்புவதால், ஆண்டின் பெரும்பகுதி இருட்டில்தான் ஓடுகிறார்கள், ஓட்டுகிறார்கள். ஆகவே விளக்கு ஒரு நல்ல பரிசு. சரியானதைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, எதற்கான விளக்கு என்பது. நம்மை மற்றவர் பார்ப்பதற்கான விளக்குக்கு அதிக ஒளி தேவையில்லை. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரிய, சிமிட்டும் சிவப்புப் பின்விளக்கு போதும். சாலையில் உள்ள குழியை நாம் பார்ப்பதற்கு முன்விளக்கு 400 லூமனாவது இருக்க வேண்டும்; தெருவிளக்கு இல்லாத பகுதிகளில் அதற்கு மேலும். இரண்டாவது, அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் மங்கிய சிமிட்டலுக்கான நேரம். முழு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குப் பத்தாது. மூன்றாவது, நீர் தாங்கும் தரம். அட்டையில் ஐபிஎக்ஸ் 4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிறவருக்கு 6 அல்லது 7 நல்லது.

ஓடுகிறவருக்குத் தலையில் கட்டும் விளக்கைவிட, மார்பில் அணியும் பட்டை விளக்கை நான் விரும்புகிறேன். நெற்றிப்பட்டை வியர்வையில் வழுக்கும், மார்புப் பட்டை வழுக்காது. ஒளியும் கால்முன் விழுவதால் நடைபாதைக் கல் பெயர்ந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

படி 5: நின்று அடிக்கும் பம்ப்

சைக்கிள்காரருக்கு ஒரே ஒரு பரிசு என்று கேட்டால் என் விடை இதுதான்: தரையில் வைத்து, இரு காலாலும் மிதித்துக்கொண்டு நின்று அடிக்கும் பம்ப், அழுத்தமானியோடு.

காரணம் எளிது. ரோடு பைக்கின் மெல்லிய டியூப்பில் அதிக அழுத்தத்தில் காற்று இருக்கிறது. பஞ்சர் இல்லாவிட்டாலும் ரப்பர் வழியே காற்று கசிந்து, ஒரு வாரத்தில் கவனிக்கத்தக்க அளவு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அடிக்க வேண்டும். பையில் வைத்துப் போகும் கைப்பம்பால் 85 பிஎஸ்ஐ வரை அடிக்க நூற்றுக்கணக்கான முறை தள்ள வேண்டும். கை வலித்து, 'இது போதும்' என்று 55-இல் நிறுத்திவிடுவார்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் ஐம்பத்தைந்துக்கும் எண்பத்தைந்துக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தக் குறைந்த காற்றோடு சாலைக் குழியின் விளிம்பில் மோதினால் டயர் முழுதாக அமுங்கி, டியூப் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல் பக்கம் பக்கமாக இரண்டு வெட்டுகள் இருக்கும். அவர் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று புலம்பி, பழைய டியூப்பில் இந்த இரட்டை வெட்டுகள் இருந்தால், காரணம் சாலையில் கிடக்கும் கண்ணாடி இல்லை, பம்ப்தான்.

வாங்கும்போது வால்வைப் பிடிக்கும் தலையைப் பாருங்கள். பிரெஸ்டா, ஸ்ரேடர் இரண்டையும் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அழுத்தமானி பெரிதாக, நின்ற நிலையில் குனியாமல் படிக்கும்படி இருக்க வேண்டும். அடிப்பாகம் இரும்பாக இருந்தால் ஆடாமல் நிற்கும். கைப்பிடிக்குக் கீழே உள்ள குழாய் மெலிந்து நீண்டிருந்தால் ரோடு பைக்குக்கு ஏற்றது. பருத்துக் குட்டையாக இருப்பது மலைப்பாதைச் சைக்கிளின் அகல டயருக்கானது; அதில் காற்று வேகமாக நிரம்பும், ஆனால் அதிக அழுத்தத்துக்குப் போகும்போது தள்ள முடியாமல் கனக்கும்.

படி 6: செலவுக்குத் தகுந்த மேம்பாடுகள்

பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மூன்று பொருள்களைச் சொல்வேன்.

ஓடுகிறவருக்கு, அவர் ஏற்கெனவே அணியும் ஷூவின் அதே மாடல் இன்னொரு ஜோடி. கற்பனை இல்லாத பரிசாகத் தோன்றலாம். சென்னையில் இதற்குத் தனியான பயன் இருக்கிறது. வியர்வையில் ஊறிய ஷூ, அதுவும் மழைக்காலத்தில், மறுநாள் காலைக்குள் காய்வதில்லை. இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றில் ஓடும்போது மற்றொன்று செய்தித்தாள் அடைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். நுரையும் மீண்டு எழும்ப நேரம் கிடைக்கும். முதல் படியில் எடுத்த படத்தில் உள்ள பதிப்பு எண்ணையே தேடுங்கள். நிறுவனங்கள் அடிக்கடி புதிய பதிப்பு வெளியிடும். பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே அகலமும் நுரையும் மாறியிருக்கும். பழைய பதிப்பு கடையில் தள்ளுபடியில் கிடைப்பது உங்களுக்கு இன்னும் வசதி.

கைக்கடிகாரம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை. மணிக்கட்டுக் கடிகாரம் தோலுக்குள் ஒளி பாய்ச்சித் துடிப்பைக் கணிக்கிறது. ஓடும்போது கை ஆடுவதால் சில நேரம் இதயத்துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைத் துடிப்பாகக் காட்டிவிடும். பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போதும் 170-ஐ ஒட்டியே எண் நிற்கிறது என்று அவர் எப்போதாவது குறைபட்டிருந்தால் இதுதான் நடக்கிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின்சமிக்ஞையை நேரடியாக எடுப்பதால் இந்தக் குழப்பம் வராது. அவருடைய கடிகார மாடல் வெளியிலிருந்து வரும் துடிப்புச் சமிக்ஞையை ஏற்குமா, புளூடூத் வழியாகவா ஆன்ட் பிளஸ் வழியாகவா என்று மட்டும் பாருங்கள். இரண்டையும் அனுப்பும் பட்டையை வாங்கினால் கவலை இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துணிப்பட்டையைத் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை உப்பு படிந்து கெட்டுவிடும்.

சைக்கிள்காரருக்கு டயர். நல்ல டயர் தரும் வித்தியாசத்தை முதல் பயணத்திலேயே உணர முடியும். உருளும் சத்தம் குறையும், குழியின் அதிர்வு குறையும், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை இருப்பதால் கண்ணாடிச் சில்லுகள் எளிதில் புகாது. பழைய டயர் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், நடுவில் வட்டமாக இருந்த பரப்பு தட்டையாகத் தேய்ந்திருப்பது, பக்கச்சுவரில் வெட்டு, அல்லது உள்நூல் தெரிவது. 25-இலிருந்து 28 மில்லிமீட்டருக்கு மாற்றினால் இன்னும் சுகம், ஆனால் சட்டகத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் இடம் வேண்டும். பழைய டயரின் இருபுறமும் குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி புதிய அகலத்திலும் மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் மிஞ்சாது. சந்தேகம் இருந்தால் பழைய அளவையே வாங்குங்கள்.

ஒரு பரிசைத் தேர்ந்தெடுத்த கதை

என் தங்கை, தன் கணவரின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டாள். ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தாள். "அண்ணா, ஜெர்சி ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன், மிச்சத்துக்கு வாட்ச் பட்டை வாங்கலாமா?" என்றாள். முதலில் ஐந்து படங்களை அனுப்பச் சொன்னேன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வருகிறவர், வார நாள்களில் பெசன்ட் நகரில் ஓடுகிறவர்.

படங்கள் வந்தன. டயரில் 25-622. பிரெஸ்டா வால்வு. ரிம்மின் ஆழம் அளவுகோலில் 24 மில்லிமீட்டர். ரிம்மைப் பிடிக்கும் பிரேக். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகி, ஒரு வெட்டின் வழியே வெள்ளை நூல் தெரிந்தது. முன் டயர் பரவாயில்லாமல் இருந்தது. கூடையில் ஒரு கைப்பம்ப், ஒட்டுப்போட்ட இரண்டு டியூப்கள். அதில் ஒன்றில் ஒட்டு இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. பின்விளக்கு நன்றாக எரிந்தது, ஆனால் அதன் ரப்பர் பட்டை அறுந்து, சாதாரண ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். ஓட்ட ஷூ இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது, நல்ல நிலையில் இருந்தது.

இந்தப் படங்களைப் பார்த்ததும் பட்டியல் தானாக வந்தது. ஷூவைத் தொட வேண்டாம். நூல் தெரியும் டயர் பாதுகாப்பு சார்ந்தது, ஆகவே அது முதலில். நல்ல டயர் இரண்டு வாங்கினால் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், பம்புக்கு மிஞ்சாது. பக்கம் பக்கமாக இருந்த ஒட்டுகள் பம்பும் அவசியம் என்று காட்டின. எனவே ஒரு டயர் மட்டும், 2,500 ரூபாய் அளவில். நின்று அடிக்கும் பம்ப் 2,000. 48 மில்லிமீட்டர் வால்வுள்ள டியூப் இரண்டு, 800. விளக்குக்கு மாற்றுப் பட்டை 100. மிச்சமிருந்த 600 ரூபாய்க்கு ஓட்டத்துக்கான சாக்ஸ் இரண்டு ஜோடி.

புதிய டயரைப் பின்னால் போடச் சொல்லவில்லை. முன்னால் இருந்த பழைய டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடச் சொன்னேன். ஓடும்போது பின் டயர் போனால் வண்டி தள்ளாடும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் போனால் கைப்பிடி கட்டுப்பாட்டில் இருக்காது. நல்ல டயர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும்.

தங்கைக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "டியூப்பையும் பம்பையும் பிறந்தநாளுக்கு எப்படி அண்ணா கொடுப்பது?" என்றாள். பெட்டிக்குள் டயரை வட்டமாக வைத்து, நடுவில் டியூப்களையும் சாக்ஸையும் அடுக்கி, வண்ணத்தாள் சுற்றச் சொன்னேன். மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தவுடன் டியூப்பைத்தான் முதலில் எடுத்து, வால்வின் நீளத்தைப் படித்துவிட்டு, "இதை யார் பார்த்துச் சொன்னது?" என்று கேட்டாராம். அடுத்த வாரமே ஜெர்சியைத் தானே வாங்கிக்கொண்டார்.

படி 7: கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும்

ரசீதைத் தனி உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். ஷூ என்றால், வெளியே ஓடுவதற்கு முன் வீட்டுத் தரையில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் பெருவிரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அடியில் மண் ஒட்டிவிட்டால் பல கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள். மாலையில் போட்டுப் பார்ப்பது நல்லது, அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓட்டத்தின் நடுவில் இருப்பதுபோல.

டயர் என்றால், பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்பு இருந்தால் அதன்படி மாட்ட வேண்டும். முதலில் 40 பிஎஸ்ஐ வரை மட்டும் அடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் டயரின் விளிம்பு சரியாக உட்காரவில்லை. ஓரிடத்தில் வெளியே துருத்தினால் டியூப் நடுவில் சிக்கியிருக்கலாம். காற்றை இறக்கிக் கையால் பிசைந்து சரிசெய்து, மறுபடி அடிக்க வேண்டும். பிறகு 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மில்லிமீட்டர் டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ வரை, முன்சக்கரத்தில் ஐந்து குறைத்து. பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.